கடலே இல்லாத கொங்கில் ரோமக் காசு எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் வரலாறு எடுக்கிறேன். சங்ககால வணிகம் என்ற பாடம் வந்தால் போதும், வருடா வருடம் இதே கேள்விகள்தான். பிள்ளைகள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பேசப்போவது கி.மு. 3-ம் நூற்றாண்டு முதல் கி.பி. 3-ம் நூற்றாண்டு வரையிலான மூவேந்தர் காலம். அதிலும் பெரும்பகுதி ஒரே ஒரு கணவாயைப் பற்றியது.

“சார், ரோமன் காசெல்லாம் கோயம்புத்தூர், கரூர் பக்கம்தான் நிறைய கிடைச்சிருக்குன்னு புக்ல போட்டிருக்கு. அங்க கடலே இல்லியே, எப்படி வந்துச்சு?”

மேற்கு மலை வழியாக வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றின் தெற்கே தொடங்கி, குமரி வரை ஏறக்குறைய 1,600 கி.மீ. நீளத்துக்கு மதில் மாதிரி நிற்கிறது. அந்த மதிலில் பெரிய வாசல் ஒன்றுதான்: பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல் எழும் மலைகள். நடுவில் ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்தில் தரை அப்படியே படுத்துக் கிடக்கிறது. மாட்டு வண்டி மூச்சு வாங்காமல் போகலாம்.

கணவாயின் மேற்கு முனையிலிருந்து இறங்கினால் சேரநாட்டுக் கடற்கரை, அங்கே பெரியாற்றின் முகத்தில் முசிறி. கிழக்கு முனையில் கொங்கு. முசிறியில் இறங்கிய வெள்ளியும் பொன்னும் கிழக்கே வர வேண்டுமானால் இந்த வாசலில்தான் நுழைய வேண்டும். கோவையை ஒட்டி நொய்யல் கரையில் இருக்கும் வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் குவியலாகக் கிடைத்தன. வெள்ளலூர் இருப்பது கணவாயைத் தாண்டி வருகிறவன் முதலில் வண்டியை அவிழ்க்கக்கூடிய இடத்தில்.

“ஒரு கணவாய்க்கு இவ்ளோ பில்டப்பா? வேற வழியே இல்லையா?”

இருக்கிறது. தெற்கே செங்கோட்டை வழி, அதற்கும் தெற்கே ஆரல்வாய்மொழி. ஆனால் செங்கோட்டை குறுகலான ஏற்றம், ஆரல்வாய்மொழி ஒரேயடியாகத் தெற்கு மூலையில் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி வரிசையாகப் போக, தண்ணீரும் தீவனமும் கிடைக்க, பாலக்காடுதான் தோது.

நம்பிக்கை இல்லாதவர்கள் ராயபுரம் ஸ்டேஷனைப் போய்ப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை வாலாஜாவோடு முடிவதற்காகப் போட்டதல்ல. மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை கொண்டுபோவதுதான் திட்டம், அடுத்த சில வருடங்களில் அப்படியே கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார எஞ்சினியர்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதே பாலக்காட்டு வழியை. ஊட்டிக்கு ரயில் விட வேண்டும் என்றால் பல்சக்கரம் வேண்டும், பாலக்காட்டுக்குச் சாதாரண தண்டவாளமே போதும். ராயபுரத்துக்கும் முசிறிக்கும் இடையில் 1,800 வருட இடைவெளி இருந்தாலும் மலை மாறவில்லை.

“கப்பல்லயே குமரியைச் சுத்திக்கினு பூம்புகாருக்கு வந்துடலாமே சார்? எதுக்கு மாட்டு வண்டி?”

இரண்டு தடைகள்: மணல் ஒன்று, காற்று ஒன்று.

மணல் என்றது இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கும் திட்டுகளை. அந்தப் பக்கம் கடல் ஆழமில்லை. சிறு தோணி நுழையும், எகிப்திலிருந்து வந்த பெரிய மரக்கலம் நுழையாது. அப்படியானால் இலங்கையையே சுற்ற வேண்டும்.

இங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. மேற்குக் கடலில் கப்பலைத் தள்ளிக்கொண்டு வருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது ஓயும் சமயத்தில் கப்பல் முசிறிக்கு வந்து சேரும். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வங்காள விரிகுடா எப்படி இருக்கும் என்று காசிமேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் மாதங்கள் அவை. அந்த நேரத்தில் கிழக்குக் கரைக்கு வந்தால் ஊர் திரும்பும் காற்றைத் தவறவிட்டு, ஒரு வருடம் இங்கேயே கிடக்க வேண்டும்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மேற்குக் கடலில் யவனர் கப்பல், நடுவில் வண்டியும் ஆறும், கிழக்குக் கடலில் நம் ஆட்களின் கலங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பும் இதைத்தான் சொல்கிறது: கிழக்குக் கரையில் உள்ளூர்ப் படகுகள் கரையை ஒட்டியே ஓடுகின்றன, கங்கைக்கும் அதற்கு அப்பாலும் போகும் பெரிய கலங்களும் அங்கே இருக்கின்றன. பட்டினப்பாலை பூம்புகார்ச் சந்தையை அடுக்கும்போது குதிரை கடல் வழியாகவும் மிளகு மூட்டை நில வழியாகவும் வந்ததாகச் சொல்கிறது. மிளகு விளைவது மேற்கு மலையில். அது கிழக்குக் கடற்கரைக்கு வண்டியில் வந்தது என்றால் வேறெந்த வழியில் வந்திருக்கும்?

“வருஷத்துல எப்ப கிளம்பி எப்ப வந்தாங்க? ஒரு ட்ரிப் கணக்கு போட்டுக் காட்டுங்க.”

போடலாம். ஜூலையில் எகிப்தின் செங்கடல் துறைமுகத்திலிருந்து கிளம்பு. செங்கடலில் தெற்கே இறங்கி வாய்முகத்துக்கு வர ஒரு மாதம் வைத்துக்கொள். அங்கிருந்து நடுக்கடலில் நேரே கிழக்கு. ரோம எழுத்தாளர் பிளினி அந்தக் கடைசிப் பகுதிக்கு 40 நாள் என்று குறித்திருக்கிறார். ஆக, செப்டம்பர் வாக்கில் முசிறி. முன்கூட்டியே வந்தாலும் ஆபத்து, ஏனென்றால் ஜூன், ஜூலையில் கேரளக் கரையில் காற்றும் மழையும் உச்சத்தில் இருக்கும். காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் சாமர்த்தியம்.

திரும்புவது டிசம்பர், ஜனவரியில், வாடை வீசும்போது. பிளினி ஜனவரி நடுவைக் கடைசித் தவணையாகச் சொல்கிறார். நடுவில் சுமார் மூன்று மாதம் சரக்கு வாங்க, விற்க.

இதில் பாடப் புத்தகம் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. மிளகுக் கொடி தென்மேற்கு மழையில்தான் பூக்கும், மணி முற்ற ஆறேழு மாதம் பிடிக்கும். கப்பல் வந்து நிற்கும்போது அந்த வருட மிளகு கொடியில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். புது மிளகு பறித்துக் காய வைப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட வேண்டும். அப்படியென்றால் கப்பலில் ஏறிய மிளகில் பெரும்பங்கு போன வருடத்தது. யாரோ ஒருவர் மலைக்காரர்களிடம் வாங்கி, காய வைத்து, கிடங்கில் பூச்சி அண்டாமல் எட்டு மாதம் வைத்திருந்து, யவனன் வந்ததும் விலை பேசியிருக்க வேண்டும். கையில் முதல் இருப்பவனால்தான் அது முடியும். முசிறியில் பெரும் வணிகர்கள் உருவானதற்கு மிளகின் காரம் எவ்வளவு காரணமோ, இந்த மாதக் கணக்கும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.

“முசிறில பெரிய ஹார்பர் இருந்துச்சா? நம்ம ஹார்பர் மாதிரி?”

இல்லை. கப்பல் கரைக்கே வரவில்லை. முசிறியில் கப்பல் நிற்கும் இடம் கரைக்கு எட்டத்தில் இருக்கிறது, சரக்கைப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று பிளினி குறைப்பட்டுக்கொள்கிறார். பக்கத்தில் கடற்கொள்ளையர் தொல்லை வேறு. புறநானூற்றிலும் இதே காட்சி வருகிறது: கலம் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணி கரை சேர்க்கிறது. ரோமாபுரிக்காரர் ஒருவரும் தமிழ்ப் புலவர் ஒருவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே துறைமுகத்தைப் பற்றி ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். இதைவிடப் பலமான சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

மதராசும் பல காலம் அப்படித்தான் இருந்தது. ஹார்பர் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் மூட்டையையும் இறக்கிவரும்.

கேரளக் கரைக்கு ஒரு வசதி உண்டு. கடலுக்கு இணையாகக் காயலும் கழியும் நீளமாக ஓடுகின்றன. உள்ளே நுழைந்துவிட்டால் அலை இல்லை, தோணி ஊர் ஊராகப் போகும். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் நீளம் குறைந்தவை என்றாலும் மழை கொட்டுவதால் தண்ணீர் நிற்கும். பெரியாற்றில் மிளகு இறங்கி வர இதுவே போதும்.

நம் கிழக்குக் கரை வேறு ரகம். இங்கே கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஹார்பர் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் போனதால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைக் கடல் அரித்தது, கல் கொட்டித்தான் தெருக்களைக் காப்பாற்றினார்கள். இதே மணல்தான் அந்தக் காலத்திலும் ஓடியது. அதை எதிர்த்து முகத்துவாரத்தைத் திறந்து வைக்கும் வேலையை ஆற்று வெள்ளம் செய்தது. ஆகவேதான் கிழக்குக் கரையின் பழைய துறைமுகங்கள் எல்லாம் ஆற்று முகத்தில் இருக்கின்றன: காவிரியில் பூம்புகார், வைகையில் அழகன்குளம், தாமிரபரணியில் கொற்கை. அந்த ஆறுகளே வண்டல் கொண்டுவந்து துறையை மூடவும் செய்தன. கொற்கை இன்றைக்குக் கடலிலிருந்து பல கி.மீ. உள்ளே நிற்கிறது.

“கொங்கு வறண்ட பூமிதானே? நெல் விளையற தஞ்சாவூரை விட்டுட்டு அங்க ஏன் ஊரு வளர்ந்துச்சு?”

நெல் சோறு போடும். ரோமாபுரிக்காரன் நெல்லுக்காகக் கடல் தாண்டி வரமாட்டான்.

மழை மேகம் மேற்கு மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கிழக்கே கொங்குக்கு வருவது மிச்சம் மீதி. அதனால் அங்கே காடு அடரவில்லை, மேய்ச்சல் நிலம் இருந்தது, வண்டி இழுக்கும் மாடு இருந்தது. காங்கேயம் காளையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தரைக்குக் கீழே பழைய கடினப் பாறை. அந்தப் பாறையில் இரும்புத்தாதும் இரத்தினக் கற்களும்.

கொடுமணலை எடுத்துக்கொள்வோம். ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் சின்ன ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தவை முழுதாக முடிந்த மணிகள் அல்ல, பாதியில் நின்றவை. உடைத்த மூலக்கல், உருட்டித் தட்டிய கல், தேய்த்து மெருகேற்றியது, துளை போடும்போது பிளந்துபோனது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கல் கிடைத்திருக்கிறது. வாங்கி அணிந்த ஊரில் முடிந்த மணி மட்டுமே கிடைக்கும். பாழான கல்லும் சிதறலும் குவிந்து கிடந்தால் அது பட்டறை. இரும்பு உருக்கிய உலைகளும் அங்கே இருந்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைப் புகழ்வது இந்த ஊரைத்தான் என்பது பரவலான கருத்து.

அங்கே தேய்த்த கற்களில் முக்கியமானது கடல்நீர் நிறத்தில் மின்னும் பெரில். கல் தோண்டிய இடம் காங்கேயம் பக்கத்துப் படியூர். பெரில் இந்தியாவைத் தவிர வேறிடத்தில் கிடைப்பது அபூர்வம் என்று பிளினி எழுதியிருக்கிறார். ஆக, கல் கிடைக்கும் இடம், தண்ணீருக்கு நொய்யல், மேற்கே கணவாய், கிழக்கே நொய்யலோடு போனால் காவிரி. நாலும் கூடிய இடத்தில் ஊர் வளர்ந்தது.

வண்டிப் பயணம் லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வையார் பாட்டு ஒன்றில் உப்பு வணிகர் வண்டியின் அடியில் ஒரு உபரி அச்சைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மாடு இளசு, பாரம் அதிகம், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ, அச்சு முறிந்தால் நடுக்காட்டில் தச்சனை எங்கே தேடுவது? இன்றைய லாரிக்காரர் ஸ்டெப்னி இல்லாமல் கிளம்புவாரா?

“சேர சோழ பாண்டியர் மூணு பேருக்கும் ஒரு தலைநகரம், ஒரு துறைமுகம்னு ஜோடியா வருதே, அது ஏன்?”

ஆறுதான் காரணம். உறையூரும் பூம்புகாரும் காவிரியில். மதுரைக்கு வைகை. பாண்டியரின் முத்துத்துறை கொற்கை மட்டும் தாமிரபரணியில். அரசன் உள்நாட்டில் நெல்லும் படையும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, சுங்கத்துக்குக் கடற்கரையில் ஆள் வைத்தான்.

சேரர் கதை மட்டும் கொஞ்சம் விசேஷம். அவர்களுக்கு மலையின் இரண்டு பக்கமும் கால். மேற்கே முசிறி, கிழக்கே அமராவதிக் கரையில் கரூர். கரூருக்குப் பக்கத்தில் புகளூர்க் குன்றில் சேர அரசர்களின் தமிழி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்ற சண்டை ஓயாதது, தேர்வில் கேட்டால் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதிவிட்டு வாருங்கள். எது வஞ்சியாக இருந்தாலும், கணவாயின் இரு வாயும் சேரர் கையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

“இதெல்லாம் பாட்டுல இருக்கறதுதானே? நிஜம்னு எப்படி சொல்றீங்க?”

பானை ஓடு சொல்கிறது. திராட்சை மது கொண்டுவந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள், முசிறி என்று கருதப்படும் பட்டணம் என்ற கேரள ஊரில் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் ஒரு வகையின் மண்ணில் கறுப்பு மணல் மின்னும். அது எரிமலை மணல், இத்தாலியில் நேப்பிள்ஸ் வட்டாரத்து மண். தமிழ்நாட்டுக் குயவர் நினைத்தாலும் அந்த மண்ணுக்கு வழியில்லை.

காசும் சொல்கிறது. ரோம வெள்ளிக் காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை. கி.பி. 64-ல் நீரோ மன்னன் அதன் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். இந்தியக் குவியல்களில் அதற்கு முந்தைய காசுதான் மிகுதி. நம் ஆட்கள் அதைக் காசாக எண்ணாமல் வெள்ளியாக நிறுத்து வாங்கினார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது, கி.பி. 2-ம் நூற்றாண்டு. ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக் கரை நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் அதில் வருகின்றன. மொத்த மதிப்பு, செஸ்டெர்ஸ் என்ற ரோமக் காசில், ஏறக்குறைய 70 லட்சம். அன்றைய ரோமச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 1,200. வகுத்துப் பாருங்கள், ஒரே கப்பல் சரக்கில் 5,800 சிப்பாய்களுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுக்கலாம். கங்கைப் பொருள் கேரளத்தில் கப்பல் ஏறியது என்பதையும் கவனியுங்கள்.

“அப்ப நம்ம வடசென்னைப் பக்கம் ஒண்ணுமே இல்லையா?”

இருந்தது, ஆனால் சிறிய அளவில். எண்ணூரில் கடலில் விழும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், திருவள்ளூர் பக்கம் பட்டறைப்பெரும்புதூரில் உறைகிணறும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்திருக்கின்றன. பாலாற்று முகத்தில் வசவசமுத்திரத்தில் ரோமச் சாடி ஓடுகள். ஆனால் இந்த ஆறுகளில் வருடத்தில் பல மாதம் மணல்தான் ஓடும், பின்னால் மேற்குக் கடலுக்குத் திறக்கும் கணவாயும் கிடையாது.

“அப்போ எல்லாத்தையும் மலையும் ஆறுமே முடிவு பண்ணிடுச்சா?”

எங்கே என்பதை முடிவு செய்தன. எப்போது என்பதை அல்ல. கணவாய் கோடிக்கணக்கான வருடமாகத் திறந்தே கிடக்கிறது. ரோம வெள்ளி வந்து கொட்டியது கி.மு. 30-ல் எகிப்து ரோமர் கைக்குப் போன பிறகு. கி.பி. 3-ம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு உள்ளுக்குள் ஆட்டம் கண்டதும் வரத்து குறைந்தது. மலை அதே மலை, காற்று அதே காற்று, வாங்குகிறவன் இல்லை.

கொடுமணலிலேயே இன்னொரு சான்று. அங்கே தேய்த்த சிவப்பு நிறச் சூதுபவளக் கல் உள்ளூர்க் கல் இல்லை, குஜராத் பக்கத்திலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். முதலில் பக்கத்துக் கல்லைத் தேய்த்துப் பழகினார்கள். கைத்தொழில் பெயர் எடுத்த பிறகு தூரத்துக் கல்லும் அவர்களைத் தேடி வந்தது. இதை எந்த வரைபடமும் காட்டாது.

“இதுல எதையாவது நேர்ல பாக்கணும்னா?”

எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவைக் கேட்டுப் போங்கள், ரோமக் காசுகள் அங்கே உண்டு. பாலக்காடு வழியாகப் போகும் ரயிலில் பகலில் ஏறினால் கோவை தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். வாளையாறு வரை வலப்பக்கமும் இடப்பக்கமும் மலை விலகி நிற்பது தெரியும். ஆடி மாதத்தில் போனால் காற்று முகத்தில் அறையும், அதே வாசல் வழியாகத்தான் அதுவும் உள்ளே வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பது அதை நம்பித்தான்.